e7 கட்டத்தில் யார் காவல்?

காஸ்லிங் முடிந்துவிட்டது. ராஜா g8-இல் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் f8-இல் யானை. முன்னால் f7, g7, h7 மூன்றிலும் சிப்பாய்கள், ஒன்றுகூட இன்னும் அசையவில்லை. சதுரங்கம் பழகத் தொடங்கும்போது நமக்குச் சொல்லித்தரப்படும் பத்திரமான ராஜா இதுதான். பெரும்பாலான ஆட்டங்களில் அது உண்மையும்கூட. ஆனால் இந்த அமைப்பைக் குறிவைத்தே ஒரு மேட் இருக்கிறது. அதில் எதிராளியின் ஒரு யானையும் ஒரு குதிரையும் மட்டும் கடைசி வேலையைச் செய்யும். மூன்றாவது கூட்டாளி ராஜாவுக்கு முன்னால் நிற்கும் அதன் சொந்தச் சிப்பாய்.

இதற்கு அனஸ்தாசியா மேட் என்று பெயர். ஜெர்மன் எழுத்தாளர் வில்ஹெல்ம் ஹைன்ஸே 1803-இல் வெளியிட்ட ‘அனஸ்தாசியாவும் சதுரங்க ஆட்டமும்’ என்ற நாவலிலிருந்து வந்த பெயர் அது. அந்த ஆண்டிலேயே ஹைன்ஸே இறந்துபோனார். நாவலை இன்று படிப்பவர்கள் குறைவு. பெயர் மட்டும் சதுரங்கப் புத்தகங்களில் நிலைத்துவிட்டது.

இந்த மேட்டைப் புத்தகத்தில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதில் வரும் ராணி பலியைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த நகர்த்தலில் மேட் என்றால் யாருக்கும் அதுதான் மனதில் நிற்கும். ஆனால் ஆட்டத்தில் அந்தப் பலி கண்ணில் படும் நேரத்தில், தாக்குகிறவருக்கு மிச்சமிருப்பது கணக்குச் சரிபார்ப்பு மட்டுமே. தற்காக்கிறவருக்கு எதுவுமே மிச்சமில்லை. இந்த மேட் முடிவாவது அதற்குச் சில நகர்த்தல்கள் முன்னால், எல்லோர் கண்ணும் வேறு பக்கம் இருக்கும்போது, e7 என்ற ஒரு கட்டத்தில். அந்தக் கட்டத்தைப் பார்க்கப் பழகினால் இந்த மேட்டைப் போடவும் முடியும், தடுக்கவும் முடியும்.

ஐந்து கட்டங்கள்

பலகையின் நெடுவரிசைகளுக்கு வெள்ளைக்காரரின் இடக்கையிலிருந்து a முதல் h வரை பெயர். கிடைவரிசைகளுக்கு அவர் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண். இதை மனதில் வைத்துக்கொண்டு, வீட்டில் பலகை இருந்தால் எடுத்து, மேட்டின் கடைசிக் காட்சியை மட்டும் அடுக்கிப் பாருங்கள். கருப்பு ராஜா h7-இல். கருப்புச் சிப்பாய் g7-இல். வெள்ளைக் குதிரை e7-இல். வெள்ளை யானை h நெடுவரிசையில் கீழே எங்காவது, h3 என்று வைத்துக்கொள்வோம்.

ராஜா பலகையின் ஓரத்தில் நிற்பதால் அதைச் சுற்றி எட்டு கட்டங்கள் இல்லை, ஐந்துதான். h8-உம் h6-உம் யானை செக் கொடுக்கும் அதே நெடுவரிசையில் இருக்கின்றன. அங்கே ஓடினாலும் செக் தொடரும். g8-உம் g6-உம் e7-இல் நிற்கும் குதிரையின் பிடியில் இருக்கின்றன. மிச்சமிருப்பது g7. அங்கே சொந்தச் சிப்பாய் நிற்கிறது. யானைக்கு இரண்டு, குதிரைக்கு இரண்டு, சிப்பாய்க்கு ஒன்று என்று ஐந்து கட்டங்களும் அடைபட்டுவிட்டன.

இந்தக் குதிரை ஏன் e7-இல் நிற்க வேண்டும்? குதிரை கருப்புக் கட்டத்தில் நின்றால் வெள்ளைக் கட்டங்களையும், வெள்ளைக் கட்டத்தில் நின்றால் கருப்புக் கட்டங்களையும் தாக்கும். h7-இலிருந்து ராஜா தப்பக்கூடிய g8, g6 இரண்டுமே வெள்ளைக் கட்டங்கள். e7 கருப்புக் கட்டம். அங்கிருந்து குதிரை ஒரே நேரத்தில் அவ்விரண்டையும் பிடிக்கிறது. ராஜாவுக்கு மூன்று நெடுவரிசை தள்ளி நிற்பதால் ராஜாவால் அதைத் தொடவும் முடியாது. இந்த வேலைக்கு e7-ஐப் போல இன்னொரு வசதியான கட்டம் கிடையாது. குதிரை e7-க்குள் நுழைய முடியாவிட்டால் இந்த மேட்டே இல்லை.

யானையும் குதிரையும் சேர்ந்து போடும் இன்னொரு மேட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது இதைவிடப் பல நூற்றாண்டுகள் பழையது. அரபு மேட் என்பார்கள். அதில் ராஜா h8 மூலையில் இருக்கும். குதிரை f6-இல் நிற்கும். யானை h7-இல் ராஜாவை ஒட்டியே நின்று செக் கொடுக்கும். குதிரை யானைக்குக் காவலாகவும் இருக்கிறது, g8 வழியையும் அடைக்கிறது. அரபு நாடுகளில் ஆடப்பட்ட பழைய சதுரங்கத்தில் இன்றைய ராணியின் இடத்தில் இருந்த காயும் பிஷப்பின் இடத்தில் இருந்த காயும் வலுவற்றவை. யானையும் குதிரையும் மட்டும் இன்று போலவே நகர்ந்தன. அதனால் பழைய சுவடிகளின் மேட்டுகள் பலவற்றில் இந்த இரண்டு காய்களே முன்னால் நிற்கின்றன. இரண்டு மேட்டையும் பிரித்தறிவது எளிது. அரபு மேட்டில் குதிரை f6-இல், யானை ராஜாவுக்குப் பக்கத்தில். அனஸ்தாசியாவில் குதிரை e7-இல், யானை தொலைவில்.

ஒரு நிலையை அடுக்கிப் பார்ப்போம்

இப்போது முழு நிலை ஒன்றைப் பார்க்கலாம். இது விளக்கத்துக்காக அமைத்தது. ஆனால் இதைப் போன்றவை ஆட்டங்களில் அடிக்கடி வருகின்றன.

வெள்ளைக்கு ராஜா g1, ராணி h5, யானைகள் d1-உம் e1-உம், குதிரை d5, சிப்பாய்கள் a2, c4, f2, g2, h2. கருப்புக்கு ராஜா g8, ராணி b2, யானைகள் a8-உம் f8-உம், குதிரை c5, சிப்பாய்கள் a7, b7, d6, f7, g7, h7. வெள்ளை நகர்த்த வேண்டும்.

இந்த நிலைக்கு வந்த வழியையும் கொஞ்சம் கற்பனை செய்துகொள்வோம். e7-இல் நின்ற கருப்பு பிஷப் முன்பே வெட்டுப்பட்டுப் போய்விட்டது. கருப்பு ராணி b6-க்கு வந்து b2 சிப்பாயை மிரட்டியது. வெள்ளை அந்தச் சிப்பாயைக் காப்பாற்றாமல் c3-இல் இருந்த குதிரையை d5-க்குத் தாவவிட்டு ராணியைத் தாக்கியது. ராணி b2 சிப்பாயை வெட்டிக்கொண்டு நகர்ந்தது. கருப்புக்கு ஒரு சிப்பாய் லாபம். மேலோட்டமாகப் பார்த்தால் வெள்ளை எதற்கோ அசட்டையாக ஒரு சிப்பாயை இழந்ததுபோலத்தான் தெரியும்.

பயிற்சி இல்லாத ஒருவர் வெள்ளைப் பக்கம் உட்கார்ந்திருந்தால் குதிரையை உடனே e7-க்குக் கொண்டுபோய் செக் சொல்லத் தோன்றும். ராஜா h8-க்குப் போகும். ராணி h7 சிப்பாயை வெட்டும். ராஜா ராணியை வெட்டும். அப்போதுதான் தெரியும், யானை h நெடுவரிசைக்கு வர வழியில்லை என்று. e1-இல் நிற்கும் யானைக்கும் h1-க்கும் நடுவில் g1-இல் வெள்ளை ராஜாவே உட்கார்ந்திருக்கிறது. யானை முதலில் e3-க்கு ஏற வேண்டும். அது செக் இல்லாத நகர்த்தல். கருப்பு அந்த ஒரு இடைவெளியில் g7 சிப்பாயை g6-க்குத் தள்ளிவிடும். வெள்ளைக்கு ராணி போனதுதான் மிச்சம்.

சரியான வரிசை தலைகீழானது. முதலில் யானை e1-இலிருந்து e3-க்கு. செக் இல்லை, எதையும் வெட்டவில்லை, எதையும் நேரடியாக மிரட்டுவதாகவும் தெரியவில்லை. e4 ஏன் இல்லை, e5 ஏன் இல்லை என்று கேட்டால், e4-இல் c5 குதிரை வெட்டிவிடும், e5-இல் d6 சிப்பாய் வெட்டிவிடும். e3-இல் யானை பத்திரமாக இருக்கிறது, அங்கிருந்து h3 வரை கிடைவரிசையில் தடை எதுவும் இல்லை.

இப்போது கருப்பு இன்னொரு சிப்பாய்க்கு ஆசைப்பட்டு ராணியால் a2-ஐ வெட்டுகிறது என்று வைப்போம். அதன்பிறகு ஆட்டம் இப்படி முடியும். இங்கே N குதிரை, Q ராணி, R யானை, K ராஜா:

```
1. Re3    Qxa2
2. Ne7+   Kh8
3. Qxh7+  Kxh7
4. Rh3#
```

ஒவ்வொரு நகர்த்தலும் கட்டாயம்தான் என்பதைக் கவனியுங்கள். குதிரை e7-இல் செக் கொடுக்கும்போது அதை வெட்டக் கருப்பில் ஒரு காயும் இல்லை. ராஜாவுக்கு f8-இல் சொந்த யானை, f7, g7, h7-இல் சொந்தச் சிப்பாய்கள். திறந்திருக்கும் ஒரே கட்டம் h8. அடுத்து ராணி h7-இல் சிப்பாயை வெட்டி மீண்டும் செக். ராஜா g8-க்குத் திரும்ப முடியாது, அங்கே குதிரையின் பார்வை. ராணியை வெட்டுவதைத் தவிர வழியில்லை. வெட்டினால் யானை h3-இல் வந்து நிற்கிறது. முன்பு எண்ணிய ஐந்து கட்டங்களும் அப்படியே அடைபட்டிருக்கின்றன. ஒரு யானைக்கும் குதிரைக்கும் முன்னால் கருப்பிடம் ராணி, இரண்டு யானைகள், குதிரை எல்லாம் இருக்கின்றன. ஒன்றாலும் அந்த h நெடுவரிசைக்கு வந்து சேர முடியவில்லை.

ராணி பலி எதற்காக என்பதும் இங்கே புரியும். h7-இல் சிப்பாய் நிற்கும்வரை யானையால் ராஜாவைத் தொட முடியாது. சிப்பாயை அகற்றுவதும் ராஜாவை அந்த நெடுவரிசையில் வெளியே இழுப்பதும் ஒரே அடியில் நடக்க வேண்டும். ராணி அந்த இரண்டையும் செய்கிறது. ஏதோ ஒரு வெட்டுக்கு வெட்டில் h7 சிப்பாய் ஏற்கெனவே காணாமல் போயிருந்தால் ராணியைக் கொடுக்கவே தேவையில்லை. குதிரை e7-இல் செக், ராஜா h8 அல்லது h7, யானை h3-இல் மேட்.

தப்பிக்க என்ன வழி இருந்தது

யானை e3-க்கு ஏறிய அந்த நேரத்தில் கருப்புக்கு ஒரு நகர்த்தல் இருந்தது. அதை எப்படிச் செலவழித்திருக்கலாம் என்று பார்ப்பதில்தான் இந்த மேட்டின் முழு இயக்கமும் விளங்குகிறது.

பலர் முதலில் நினைப்பது c5 குதிரையை e6-க்குக் கொண்டுவருவது. குதிரை ராஜாவை நெருங்கி வந்துவிட்டது, வெள்ளை யானையின் e நெடுவரிசையையும் மறித்துவிட்டது என்ற ஆறுதல். ஆனால் ஐந்து கட்டங்களில் எது மாறியது? எதுவும் இல்லை. e6 குதிரை e7-ஐத் தாக்கவில்லை. H4, h5, h6 எதற்கும் அதால் பாய்ந்து செக்கை மறிக்கவும் முடியாது. யானைக்குத் தேவையானது e நெடுவரிசை அல்ல, மூன்றாம் கிடைவரிசை. குதிரை e7, ராணி h7, யானை h3 என்று அதே மேட் அப்படியே விழும். ராஜாவுக்குப் பக்கத்தில் காய்களைக் குவிப்பது தற்காப்பு ஆகாது. ஐந்தில் ஒன்றையாவது திறக்க வேண்டும், அல்லது வருகிற காய்களில் ஒன்றையாவது தடுக்க வேண்டும்.

g7 சிப்பாயை g6-க்குத் தள்ளுவது அப்படியொரு நகர்த்தல். ராணியைத் தாக்குகிறது, அதைவிட முக்கியமாக g7-ஐக் காலி செய்கிறது. இப்போது குதிரை e7-இல் செக் கொடுத்தால் ராஜா g7-க்கு நகர்ந்துவிடும். வெள்ளை ராணி h6-க்குப் போய் யானையை h3-க்குக் கொண்டுவரத் திட்டமிட்டால், b2-இல் இருக்கும் கருப்பு ராணி நீண்ட மூலைவிட்டத்தில் g7-க்கு வந்து காவல் நிற்கும். இங்கே கருப்புக்கு அதிர்ஷ்டம் உண்டு. ராணி அந்த மூலைவிட்டத்தில் இல்லாவிட்டால் f6, h6 கட்டங்கள் வலுவிழந்து வேறு தாக்குதல்கள் பிறக்கும். இந்த மேட் போய்விட்டது என்பதற்காக எல்லா மேட்டும் போய்விட்டதாக எண்ணக் கூடாது.

இன்னொரு நல்ல வழி அவ்வளவு எளிதில் கண்ணில் படாது: ராணி b2-இலிருந்து c2-க்கு. அங்கிருந்து d3, e4, f5, g6 வழியாக மூலைவிட்டம் நேராக h7-இல் முடிகிறது. இப்போது வெள்ளை ராணி h7-ஐ வெட்டினால் கருப்பு ராணி அதைத் திரும்ப வெட்டிவிடும். ராஜா மூலையைவிட்டு அசைய வேண்டியதில்லை. கூடவே d1 யானையும் தாக்கப்படுகிறது. அதற்கு ஒரே காவல் h5-இல் இருக்கும் வெள்ளை ராணி. தாக்க வந்த ராணிக்கே காவல் வேலை கொடுத்தாயிற்று.

மூன்றாவது வழி a8 யானையை e8-க்குக் கொண்டுவந்து e7-ஐக் காப்பது. மேட் நின்றுவிடும், ஆனால் இலவசமாக அல்ல. குதிரை e7-க்கு வந்து செக் சொன்னால் e8 யானை அதை வெட்டியே ஆக வேண்டும். E3 யானை அந்த யானையை வெட்டும். கருப்பு குதிரையைப் பெற்று யானையை இழந்திருக்கும். e நெடுவரிசை திறந்திருக்கும்போது வெள்ளைக் குதிரைக்குப் பின்னால் யானையின் ஆதரவு இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ராணியை d8-இல் காவலுக்கு நிறுத்தினாலும் இதே கதைதான், விலை இன்னும் அதிகம். குதிரையை ராணி வெட்டினால் ராணியை யானை வெட்டும். வெட்டாமல் ராஜா h8-க்கு ஒதுங்கினால் மேட். அந்த மேட்டின்போது d8 ராணிக்கு h4 வரை போகும் மூலைவிட்டம் இருக்கிறது. ஆனால் அதன் முதல் கட்டமே e7. அங்கே குதிரை உட்கார்ந்திருக்கிறது.

e7-க்குச் சரியான காவலாளி அதிக விலையில்லாத காய்தான்: ஒரு பிஷப் அல்லது ஒரு குதிரை. அதனால்தான் e7-இல் நின்ற பிஷப் வெட்டுப்பட்டுப் போகிற நேரம் கவனிக்க வேண்டிய நேரம்.

எவ்வளவு முன்னால் தெரியும்?

இந்த மேட்டுக்கான அறிகுறிகள் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒவ்வொன்றாக, வேறு வேறு காரணங்களுக்காகச் செய்த நகர்த்தல்களின் பின்விளைவாக வந்து சேர்கின்றன. அதனால்தான் தவறிவிடுகின்றன.

முதலில் வருவது e7-இன் காவல் போவது. மேலே பார்த்த நிலையில் அது பிஷப் மாற்றத்திலேயே நடந்துவிட்டது. அடுத்து எதிராளியின் குதிரை e7-க்கு ஒரு தாவல் தொலைவில் வந்து அமர்வது. d5-உம் f5-உம் வழக்கமான இடங்கள். சில நேரம் c6-இலிருந்தும் வரும். d5-இல் குதிரை வந்து உட்கார்ந்து, அதை விரட்ட c6-க்கு ஏறக்கூடிய சிப்பாயும் நம்மிடம் இல்லாதபோது, அந்தக் குதிரை அங்கேயே குடியிருக்கப் போகிறது என்று பொருள். மூன்றாவது, நம் ராணி வேறு பக்கம் போவது. b2-இல் ஒரு சிப்பாயை எடுக்கப் போன ராணியால் மூன்று நகர்த்தல்களுக்குள் ராஜாவிடம் திரும்பி வர முடியாமல் போகலாம். கடைசியாகத்தான் யானை மூன்றாம் வரிசைக்கு ஏறுகிறது.

எதிராளியின் யானை தன் பின்வரிசையிலிருந்து மூன்றாம், நான்காம் அல்லது ஐந்தாம் கிடைவரிசைக்கு ஏறி, அங்கிருந்து h நெடுவரிசை வரை தடையின்றிப் பார்க்கிறதென்றால், அது கடைசி மணி. அதற்குப் பிறகு ஒரே ஒரு நகர்த்தல்தான் கையில் இருக்கும். முதல் இரண்டு அறிகுறிகளிலேயே விழித்துக்கொண்டவருக்கு அந்த ஒரு நகர்த்தல் போதும்; எதைச் செய்ய வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரியும்.

தாக்குகிறவருக்கும் இதே அறிகுறிகள்தான், வரிசை மட்டும் வேறு. e7 காலியாகிவிட்டது, குதிரை தயார் என்று தெரிந்த உடனே அவர் கேட்க வேண்டியது ‘எந்த வரிசை வழியாக என் யானை h நெடுவரிசைக்குப் போகும்?’ என்பதே. ராணி h5-இல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. D3 அல்லது e4-இல் நின்று மூலைவிட்டத்தில் h7-ஐப் பார்த்தாலும் அதே பலி கிடைக்கும். ஆனால் யானையின் பாதை தெளிவாகாமல் குதிரையை e7-க்கு அனுப்பினால், ராஜா h8-க்குப் போய்விட்டதும் எதிராளியும் விழித்துக்கொள்வார்.

எங்கே தவறும்

இந்த மேட் படத்தில் இருப்பதுபோலவே தெரிந்து, கடைசி நகர்த்தலில் கைவிட்டுவிடும் இடங்கள் சில உண்டு. ராணியைக் கொடுப்பதற்கு முன் அவற்றைப் பார்த்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது கருப்பின் வெள்ளைக்கட்ட பிஷப். அது c8-இலோ d7-இலோ நின்று, e6, f5, g4 மூன்றும் காலியாக இருந்தால், அதன் பார்வை h3-இல் போய் முடிகிறது. யானை h3-க்கு வந்தவுடன் பிஷப் அதை வெட்டிவிடும். ஒரு ராணியும் ஒரு யானையும் போய், எதிரே மேட் ஆக வேண்டிய ராஜா உயிரோடு இருக்கும். அந்த பிஷப் பலகையில் இருந்தால் யானை நான்காம் வரிசை வழியாக h4-க்கு வர வேண்டும், அல்லது முதலில் அந்த மூலைவிட்டத்தை அடைக்க வேண்டும்.

அடுத்து, இடையில் வந்து மறிக்கும் காய். யானைக்கும் ராஜாவுக்கும் இடையில் h4, h5, h6 காலியாக இருக்கின்றன. காவலற்ற ஒரு பிஷப் h4-இல் குறுக்கே விழுந்தால் யானை அதை வெட்டி மீண்டும் மேட் போடும். ஒரு நகர்த்தல் தாமதம், அவ்வளவுதான். ஆனால் ராணியோ வேறு காயோ h6-க்கு வந்து மறித்தால் கதை வேறு. அந்தக் கட்டத்துக்கு g7 சிப்பாயின் காவல் இருக்கிறது. ராஜாவைக் காட்டிக்கொடுத்த அதே சிப்பாய் அங்கே அதைக் காப்பாற்றிவிடும்.

மூன்றாவது, f8. நாம் பார்த்த நிலையில் கருப்பின் சொந்த யானை அங்கே நின்று ராஜாவின் வழியை அடைத்தது. அந்த யானை வேறெங்காவது போயிருந்தால், குதிரை செக் கொடுக்கும்போது ராஜா h8-க்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. F8-க்கு நழுவிக் குதிரையையும் தாக்கும். f7 சிப்பாய் முன்னேறியிருந்தால் f7-உம் அப்படியே திறந்திருக்கும். ராஜாவை மூலைக்குத் தள்ளுவது குதிரை மட்டும் அல்ல. F8-இல் நிற்கும் யானையும் f7-இல் நிற்கும் சிப்பாயும் சேர்ந்துதான் தள்ளுகின்றன.

h7 சிப்பாய் h6-க்கு ஏறியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறும். ராஜாவுக்கு h7 என்ற கட்டம் கிடைக்கிறது, h நெடுவரிசையில் சிப்பாய் தடையாக நிற்கிறது. ராணி அந்தச் சிப்பாயை வெட்டினால் g7 சிப்பாய் ராணியை வெட்டும், நெடுவரிசை மறுபடி அடைபடும். முன்கூட்டியே ஒரு நகர்த்தலைச் செலவழித்து h6 ஆடிவைக்கும் அனுபவசாலிகளின் பழக்கத்துக்கு இது நல்லதொரு காரணம். என்றாலும் h6-இல் நிற்கும் சிப்பாய் தானே தாக்குதலுக்கு இலக்காகும். அதனால் காரணமில்லாமல் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆடிவைக்க வேண்டியதும் இல்லை. e7-இன் காவல் போகும்போது ஆட வேண்டிய நகர்த்தல் அது.

கருப்பு தாக்கும்போது இதே மேட் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாக வரும். வெள்ளை ராஜா h2-இல், சிப்பாய் g2-இல், கருப்புக் குதிரை e2-இல், கருப்பு யானை h நெடுவரிசையில். குதிரை g1-ஐயும் g3-ஐயும் பிடித்திருக்கும். வெள்ளைக் காய்களோடு ஆடும்போது e7-ஐ மட்டும் பார்த்துப் பழகியவர்கள் தங்கள் பக்கத்து e2-ஐ மறந்துவிடுவது உண்டு. அங்கேயும் காவல் நின்ற பிஷப்போ ராணியோ வேறு வேலையாகப் போகும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

பயிற்சி செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. மேலே கொடுத்த நிலையைப் பலகையில் அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். c5 குதிரையை எடுத்துவிட்டு d7-இல் ஒரு கருப்பு பிஷப் வையுங்கள். E3 யானையால் மேட் வருகிறதா, e4 யானையால் வருகிறதா என்று பாருங்கள். f8 யானையை எடுத்து d8-இல் வையுங்கள். கருப்பு ராணியை c2-இல் வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ‘ஐந்து கட்டங்களில் எது திறந்தது, எந்தக் காய் குறுக்கே வரும்?’ என்று பதில் சொல்லுங்கள். மேட் விழுகிற நிலைகளைவிட விழாத நிலைகளிலிருந்துதான் கண் கூர்மையாகும்.

கடைசியாக, தற்காப்பவர் பக்கத்திலிருந்து ஒன்று. நம் நிலையில் கருப்பு செய்த பெரிய தவறு எது என்று கேட்டால் பலரும் a2-ஐ வெட்டியதைச் சொல்வார்கள். மேட்டுக்கு நேர்க் காரணம் அதுதான். ஆனால் அந்த நிலைக்குள் கருப்பு நுழைந்தது இன்னும் முன்னால். பிஷப் மாற்றப்பட்டு e7 காவலின்றி நின்றது. குதிரை d5-க்கு வந்தது. ராணி போகும் முன் ‘e7-ஐ இனி யார் பார்ப்பார்கள்?’ என்று கேட்காமல் b2-க்குப் போனது. அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலும் ராணி b2-க்கே போயிருக்கலாம், சிப்பாய் லாபம்தானே. ஆனால் யானை e3-க்கு ஏறியபோது அது எதற்கென்று தெரிந்திருக்கும். இரண்டாவது சிப்பாய் கண்ணில் பட்டிருக்காது. g6 அல்லது c2 என்ற நகர்த்தல் கைக்கு வந்திருக்கும்.